உங்களுக்குத் தெரியுமா? உருகாத ஐஸ், காயாத பனித்துளி

குளிர்பான விளம்பரப் படங்களில் கண்ணாடித் தம்ளருக்குள் மின்னும் ஐஸ் கட்டிகள் பெரும்பாலும் ஐஸே அல்ல. அவை அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் வார்த்தவை. ஸ்டுடியோ விளக்குகளின் சூட்டில் அசல் ஐஸ் சில நிமிடங்களில் உருகி, பானத்தின் நிறத்தையும் வெளுக்கச் செய்துவிடும்.

• பாட்டிலில் அரும்பி நிற்கும் துளிகள், கிளிசரினும் தண்ணீரும் சம அளவில் கலந்து தெளித்தவை. கிளிசரின் எளிதில் ஆவியாகாது, ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் துளிகள் வழியாமல், காயாமல் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும்.

• தம்ளரின் வெண்பனிப் படலம் மேட் வார்னிஷ் ஸ்பிரே. துளி தெளிப்பதற்கு முன்பே இதை அடித்துக் காயவிடுவார்கள். பானத்தின் மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை டேப் ஒட்டி மறைத்துவிடுவார்கள். குளிர்ந்த பானம் தொடும் இடத்தில்தானே அசலாகப் பனி படியும்!

• எலுமிச்சையை மெல்லிய வில்லைகளாக நறுக்கிப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சுவார்கள். சுளைகள் ஒளிர்வது அதனால்தான். கருநிறப் பானம் என்றால், பாட்டிலின் வடிவில் வெட்டிய வெள்ளி நிற அட்டையைப் பின்னால் மறைத்து வைத்து ஒளியைத் திருப்புவார்கள்.

• போலி ஐஸைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அசல் ஐஸ் மிதக்கும், அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மேலே தெரியும். அக்ரிலிக் தண்ணீரைவிட அடர்த்தியானது, மூழ்கிவிடும். அதனால் தம்ளரின் அடியிலிருந்தே கட்டிகளை அடுக்குவார்கள். அடிவரை ஐஸ் நிறைந்திருந்தால் சந்தேகப்படலாம்.