650 பெரிதா, 0.2 பெரிதா?

ஒரு பவுன் தங்கம் 8 கிராம். காய்ச்சல் மாத்திரையில் உள்ள பாராசிட்டமால் 650 மில்லிகிராம். சோப்புக் கட்டி 75 கிராம். பையில் 0.2 கிலோ பச்சை மிளகாய். எடை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தச் சொன்னால், பல பிள்ளைகள் எண்ணை மட்டும் பார்த்து 0.2, 8, 75, 650 என்று எழுதிவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், சரியான விடையில் இந்த வரிசையின் முதலும் கடைசியும் இடம் மாறிவிடும்.

எல்லாவற்றையும் முதலில் கிராமுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கிலோவுக்கு 1000 கிராம், ஆகவே 0.2 கிலோவை 1000-ஆல் பெருக்கினால் 200 கிராம். ஒரு கிராமுக்கு 1000 மில்லிகிராம். ஆகவே 650-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.65 கிராம், ஒரு கிராம்கூட இல்லை. இப்போது 0.65, 8, 75, 200 என்று வரிசை தானாக அமைந்துவிடும். விடைத்தாளில் மட்டும் கேள்வியில் இருந்த அலகுகளிலேயே எழுத வேண்டும்: 650 மி.கி., 8 கி., 75 கி., 0.2 கி.கி.

வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டால் மருந்து 6,50,000 கிராம், அதாவது 650 கிலோ ஆகிவிடும். மாத்திரையைத் தூக்க லாரி வேண்டியிருந்தால் கணக்கு எங்கோ தவறிவிட்டது!

தசமத்திலும் கவனம் வேண்டும். 0.125 கிலோ நீளமாக இருப்பதால் 0.2 கிலோவைவிடப் பெரிதாகத் தோன்றும். கிராமில் அது 125தான், மிளகாயோ 200.