அறிக்கையில் 400 பேர், கடையில் எத்தனை பேர்?

தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு நகைக்கடை என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் 2 லட்சம் ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் அறிக்கையில் Store visits என்ற கட்டத்தில் 400 என்று இருக்கிறது. ஒரு வருகைக்கு 500 ரூபாய், முதலாளிக்குத் திருப்தி. ஆனால் அந்த 400 பேரை யாரும் வாசலில் நின்று எண்ணவில்லை.

கூகுள் கணக்கில் இருந்துகொண்டு, தாங்கள் போகும் இடங்களைப் பதிவு செய்ய அனுமதித்தவர்களின் போன்கள்தான் இதற்கு அடிப்படை. விளம்பரத்தைத் தொட்ட அந்தச் சிலரில் யார் யார் பிறகு கடைக்குப் போனார்கள் என்று ஜிபிஎஸ், வைஃபை சிக்னல்களை வைத்துக் கணிக்கிறார்கள். மற்றவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் வந்திருப்பார்கள் என்று பெருக்கிச் சொல்வதுதான் 400. அதனால் மாதக் கணக்கைப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை 7, புதன்கிழமை 11 என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. இன்னொன்று, வருகை விளம்பரத்தைத் தொட்ட நாளின் கணக்கில்தான் ஏறும். அதனால் போன வாரத்து எண் இந்த வாரம் கூடியிருந்தால் திகைக்க வேண்டாம்.

இடமும் முக்கியம். சுவரோடு சுவர் ஒட்டிய கடைத்தெருவில் பக்கத்துப் புடவைக்கடைக்குப் போனவர் இங்கே சேர்ந்துவிடலாம். புறவழிச்சாலையில் தனிக் கட்டடத்தில் இருக்கும் ஃபர்னிச்சர் ஷோரூமுக்கு இந்தக் குழப்பம் குறைவு.

ஆனால் எண் சரியாகவே இருந்தாலும் பெரிய சிக்கல் வேறு. நகைச்சீட்டுத் தவணை கட்டக் கிளம்பிய அம்மா, வழி பார்க்கக் கடையின் பெயரைத் தேடுகிறார். மேலே வந்த விளம்பரத்தைத் தொடுகிறார். அவரும் 'விளம்பரத்தால் வந்தவர்' ஆகிவிடுகிறார். விளம்பரம் இல்லாவிட்டாலும் அவர் வந்திருப்பார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, ஒரு கிளையில் மட்டும் நான்கு வாரம் விளம்பரத்தை நிறுத்துவது. மதுரையில் 100 பில் விழும்போது திருச்சியில் 80 விழுவது வழக்கம் என்று கொள்வோம். திருச்சியில் விளம்பரத்தை நிறுத்திய நான்கு வாரத்தில் மதுரையில் 1,000 பில். அப்படியானால் திருச்சியில் 800 வரவேண்டும், வந்தது 770. அப்போது விளம்பரம் கொண்டுவந்தது சுமார் 30 பில். நிறுத்தியதில் மிச்சமானது 1 லட்சம் என்றால் ஒரு பில்லுக்கு 3,300 ரூபாய்க்கு மேல் ஆகிறது. செய்கூலி, சேதாரத்தில் கிடைப்பதோடு இதை ஒப்பிட்டால் லாபமா நஷ்டமா தெரியும்.

இதிலும் கவனம் வேண்டும். பழைய பில் புத்தகத்தைப் புரட்டினால் விளம்பரம் மாறாத மாதங்களிலேயே 30, 40 பில் ஏறி இறங்கியிருக்கலாம். அப்படியென்றால் அந்த 30-க்கு அர்த்தமில்லை. கிளைகளை மாற்றி, மதுரையில் நிறுத்தித் திரும்பப் பார்க்க வேண்டும். அட்சய திருதியை வரும் மாதத்தில் இந்தச் சோதனையே வேண்டாம்.