வேருக்குள் ஒளிந்திருக்கும் வர்க்கங்கள்

√12348-ஐக் கால்குலேட்டரில் தட்டினால் 111.12 என்று தொடங்கும் முடிவில்லாத தசமம் வரும். 12348 முழு வர்க்க எண் அல்ல. ஆனால் அதற்குள் முழு வர்க்கங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றை வெளியே எடுத்தால் விடை துல்லியமாகவும் சுருக்கமாகவும் கிடைத்துவிடும்.

கடைசி இரண்டு இலக்கம் 48. அது 4-ஆல் வகுபடுவதால் முழு எண்ணும் வகுபடும்: 12348 = 4 × 3087. அடுத்து, 3087-இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. ஆகவே 9-ஆல் வகுக்கலாம், மிச்சம் 343. இப்போது வேருக்கு வெளியே 2-உம் 3-உம் வந்து, 6√343 ஆகிறது.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 343 என்பது 49 × 7. அந்த 49-உம் 7 ஆக வெளியேற, இறுதி விடை 42√7.

வெளியே வருவது வர்க்கம் அல்ல, அதன் மூலம். மறந்துபோய் 4√3087 என்று எழுதினால் மதிப்பு 222-ஐத் தாண்டிவிடும். அசல் விடையோ 111. சரிபார்க்க, வெளியே உள்ளதை வர்க்கமாக்கி உள்ளே இருப்பதோடு பெருக்கிப் பாருங்கள்: 42 × 42 × 7 = 12348.

சிறிய காரணி எதுவும் அகப்படாவிட்டால்?

√20402-இல் 2 போக மிஞ்சுவது 10201. அதன் கனமூலம் 22-க்குள் அடங்கும். எனவே 19 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் வகுக்காதபோது அந்த எண்ணில் அதிகபட்சம் இரண்டு பகாக் காரணிகளே இருக்க முடியும். அதுவே முழு வர்க்கமா என்பது மட்டும்தான் மிச்சக் கேள்வி. 10201 என்பது 101-இன் வர்க்கம், விடை 101√2.