கடைசிப் பத்து நிமிடத்தில் ஆறில் ஐந்து

அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் கல்லூரிப் பாடத்தை முன்கூட்டியே படித்து எழுதும் ஏபி தேர்வுகளில், அந்நாட்டு வரலாற்றுத் தாளும் ஒன்று. அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் மே மாதமானால் அதற்கு உட்காருகிறார்கள். அதன் கட்டுரைப் பகுதிக்கு மொத்தம் 100 நிமிடம். ஏழு ஆவணங்களைப் படித்து எழுதும் கட்டுரைக்கு 60, ஆவணம் இல்லாத நீண்ட கட்டுரைக்கு 40 என்பது வெறும் பரிந்துரை. நேரத்தைப் பிரித்துக் கொடுக்க யாரும் மணி அடிக்க மாட்டார்கள். ஆவணக் கட்டுரையில் மூழ்கிய மாணவர் நிமிர்ந்து பார்க்கும்போது, நீண்ட கட்டுரைக்கு ஒரு பத்திதான் எழுதியிருக்கிறது, பத்து நிமிடம்தான் மிச்சம் என்பது அடிக்கடி நடப்பது.

அந்த நேரத்தில் பெரும்பாலோர் விட்ட இடத்திலிருந்து இன்னும் வேகமாக எழுதுவார்கள். அதுதான் தவறு. இந்தத் தேர்வில் கட்டுரையை மொத்தமாகப் படித்து ஒரு மதிப்பெண் போடுவதில்லை. நீண்ட கட்டுரைக்கு 6 புள்ளிகள்: மையவாதத்துக்கு 1, பின்னணிக்கு 1, ஆதாரத்துக்கு 2, பகுப்பாய்வுக்கு 2. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடைப்பது. ஒன்று இல்லையென்று இன்னொன்றைக் குறைக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஆதாரம் இருக்கும் பத்தியை மேலும் நீட்டினால் பலன் குறைவு. எழுதாத பெட்டி எது என்று பார்ப்பதற்கே முதல் நிமிடத்தைச் செலவிடலாம்.

ஓர் உதாரணம். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம், அதாவது 1865 முதல் 1877 வரை, கறுப்பின மக்களின் வாழ்க்கையை எந்த அளவு மாற்றியது என்பது கேள்வி. மாணவர் 1868இல் வந்த 14ஆவது சட்டத்திருத்தம் குடியுரிமை கொடுத்ததை விரிவாக எழுதிவிட்டார். அறிமுகமாக இருப்பது, அந்தக் காலம் பல மாற்றங்களைக் கொண்டுவந்தது என்ற ஒரு வரி. கேள்வியையே திருப்பிச் சொன்னதால் அதற்குப் புள்ளி கிடையாது.

அந்த வரியை முதலில் திருத்த வேண்டும்: சட்டம் குடியுரிமையும் வாக்கும் கொடுத்தது, ஆனால் நிலம் கொடுக்காததால், பிழைப்பு பழைய பண்ணை முதலாளிகளின் கையிலேயே நின்றது. ஒரு முடிவும் அதற்கான காரணமும் இதில் வந்துவிட்டன. இரண்டு நிமிடம் போதும். தேர்வு இப்போது கணினியில் புளூபுக் செயலியில் நடப்பதால், மேலே போய்ச் செருகிவிடலாம். காகிதமாக இருந்தால் முடிவுரையில் எழுதலாம். மையவாதம் அங்கே இருந்தாலும் செல்லும்.

அடுத்த நான்கு நிமிடம் இரண்டாவது ஆதாரத்துக்கு. குத்தகை விளைச்சலில் பங்கு கொடுக்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். பெயரை மட்டும் எழுதினால் பாதிப் பலன்தான். சொந்த நிலம் இல்லாதவர்கள் விதைக்கும் கருவிக்கும் கடன்பட்டார்கள், அறுவடையில் பெரும்பங்கு கடனுக்கே போனது, அதனால் சுதந்திரம் வந்தும் முதலாளியை விட்டு நகர முடியவில்லை என்று மையவாதத்தோடு முடிச்சுப் போட வேண்டும். பெயர்களை அடுக்கிவிட்டு, ‘ஆகவே’ என்று ஒரு வரிகூட எழுதாத விடைகள்தான் இங்கே இரண்டாவது ஆதாரப் புள்ளியை இழக்கின்றன.

பின்னணிக்கு இரண்டு நிமிடம், மூன்று வாக்கியம்: பருத்திப் பண்ணைகள் அடிமை உழைப்பை நம்பியிருந்தது, அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவலாமா என்ற தகராறு போரில் முடிந்தது, 1865இல் 13ஆவது திருத்தம் அந்த முறையை ஒழித்தது. போகிறபோக்கில் ஒரு சொற்றொடராகத் தொட்டுவிட்டுப் போனால் புள்ளி வராது.

கடைசி நிமிடத்தில், எது மாறியது, எது மாறவில்லை என்று இரண்டு பத்திகளையும் இணைக்கும் ஒரு வாக்கியம். பகுப்பாய்வின் முதல் புள்ளி அதற்குரியது. எல்லாம் சரியாக அமைந்தால் ஆறில் ஐந்து கிடைக்கலாம். ஆறாவது புள்ளி சிக்கலான பார்வைக்கானது. அவசரத்தில் அதைத் துரத்தாமல் விடுவதே லாபம். எழுத்துப்பிழையைத் திருத்தவும் உட்கார வேண்டாம், பொருள் புரிந்தால் மதிப்பெண் குறையாது.

பிரிட்டனின் ஏ-லெவல் வரலாற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. அங்கே கட்டுரையை முழுதாகப் படித்து, எந்தத் தரநிலையில் நிற்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். தெளிவான தீர்ப்பு இல்லாத கட்டுரை மேல் தரநிலைக்கு ஏறுவது கடினம். அதனால் மிஞ்சிய பத்து நிமிடத்தில் புதிய பத்தி தொடங்காமல், எழுதியவற்றில் எந்தக் காரணம் மற்றவற்றைவிட வலுவானது, ஏன் என்று சொல்லும் முடிவுரையை எழுதுவதே அங்கே பயன் தருவது.