கட்டைவிரல் இலக்கைப் பார்க்கட்டும்

சுடுதளத்தில் புதிதாக வந்து நிற்பவரை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். துப்பாக்கியை முன்னால் நீட்டிவிட்டு, உடம்பை மட்டும் பின்னால் சாய்த்திருப்பார். கையில் இருப்பதிடமிருந்து தள்ளி நிற்கப் பார்க்கும் சாய்வு அது. முதல் தோட்டா வெடித்ததும் குதிகாலில் எடை ஏறி, ஒரு காலைப் பின்னால் எடுத்து வைப்பார். ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டலின் உதைப்பு அவரைத் தள்ளியதாக நினைப்போம். பாதி வேலையை அவரது நிற்கும் முறையே செய்துவிட்டது.

அந்த உதைப்பு எவ்வளவுதான் இருக்கும்? வெளியேறும் குண்டின் எடை சுமார் 8 கிராம், வேகம் நொடிக்கு 350 மீட்டர் அளவில். துப்பாக்கி 800 கிராம் என்று வைத்துக்கொண்டால் குண்டைவிட நூறு மடங்கு கனம். எனவே யாரும் பிடிக்காமல் விட்டால் குண்டின் வேகத்தில் நூறில் ஒரு பங்கில், அதாவது நொடிக்கு மூன்றரை மீட்டரில் பின்னால் வரும். வெடிவாயுவின் தள்ளல் இன்னும் கொஞ்சம் சேரும். மெதுவாக ஓடுபவரின் வேகம்தான், பயப்படும்படி ஒன்றுமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. குழல், கைக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. தள்ளல் மேலே, பிடி கீழே. அதனால் துப்பாக்கி நேராகப் பின்னால் வராமல் மூக்கைத் தூக்குகிறது.

ஆகவே முதல் பாடம், பிடியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேலே கொண்டுபோவது. வலது கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதை, பிடியின் பின்புறத்தில் உச்சிவரை அழுந்தி உட்கார வேண்டும். இப்போது பிடியின் இடப்பக்கத்தைப் பாருங்கள்: வலக்கை மூடாத ஒரு வெற்றிடம் தெரியும். இடது உள்ளங்கையின் அடிமேடு அங்கேதான் பொருந்த வேண்டும். இடக்கையின் நான்கு விரல்களும் வலக்கை விரல்களின் மேல் சுற்றி, விசைக்காப்பு வளையத்தின் அடியில் முட்டி நிற்கும். இடது மணிக்கட்டை முன்நோக்கிக் கீழே மடக்கினால் இடது கட்டைவிரல் தானாக இலக்கை நோக்கி நீளும். வலது கட்டைவிரல் அதற்கு மேலே ஓய்வாகக் கிடக்கும்.

கட்டைவிரல்தான் துப்பாக்கியை அடக்குகிறது என்று பலர் நினைத்து அதை அழுத்துவார்கள். தவறு. அது வெறும் திசைகாட்டி. அடக்குவது, முன்னோக்கிப் பூட்டிக்கொண்ட மணிக்கட்டும், பிடியைச் சுற்றிலும் இடைவெளியில்லாமல் மூடிய சதையும். இந்த முறையை 1980களில் அமெரிக்கச் செயல்முறைச் சுடுதல் போட்டிகளில் ராப் லேத்தமும் பிரையன் ஈனோஸும் பரப்பினார்கள். இரண்டு கைகளையும் சமமாக நீட்டி நிற்கும் நிலையும் அவர்களோடு சேர்ந்தே பரவியது. ஒலிம்பிக்கில் ஒற்றைக் கையால் சுடுவதைப் பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு உதைப்பு ஏறக்குறைய இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

நிற்பது எளிது. பாதங்கள் தோள் அகலத்தில், இடது பாதம் அரை அடி முன்னால், முழங்கால் லேசாக மடங்கி, தோள்கள் இடுப்பைவிட முன்னால். அருகில் ஒருவர் நின்று நீட்டிய கையை மெல்லத் தள்ளிப் பார்க்கலாம். எடை குதிகாலுக்குப் போனால் இன்னும் சாய வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பிடி ஸ்லைடு உள்ள பிஸ்டலுக்கானது. ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும்; அங்கே நீண்ட கட்டைவிரல் காயப்படும். பிஸ்டலிலும் கட்டைவிரல் ஸ்லைடின் பின்பக்கத்தில் குறுக்கே இருந்தால் கிழிந்துவிடும். ஸ்லைடு நிறுத்தும் நெம்புகோலை அது அழுத்திக்கொண்டிருந்தால், கடைசித் தோட்டா தீர்ந்த பின்னும் ஸ்லைடு திறந்து நிற்காது. மணிக்கட்டு தொளதொளத்தாலும் ஒரு தொல்லை உண்டு: ஸ்லைடு முழுதும் பின்வாங்காமல் காலித் தோட்டா வாயிலில் சிக்கும். துப்பாக்கியைக் குறைசொல்லுமுன் கையைப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்தும் குண்டுகள் கீழே இடதுபுறமாக விழுகின்றனவா? குண்டு குழலைவிட்டுப் போக ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆகாது; மூக்கு பெரிதாக உயருமுன் அது போய்விடும். எனவே தவறு பெரும்பாலும் உதைப்பில் இல்லை, உதைப்பு வரப்போகிறதே என்று கை முன்கூட்டியே அமுங்குவதில். பயிற்சியாளர்கள் மாணவர் பார்க்காதபடி மேகஸினில் ஐந்து உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைச் செருகிவைப்பார்கள். விசை 'டிக்' என்று விழும். சத்தமில்லை, உதைப்பில்லை, ஆனால் துப்பாக்கியின் மூக்கு இரண்டு விரற்கடை கீழே குனிந்திருக்கும். அதைப் பார்க்கும் மாணவர் வழக்கமாகச் சிரித்துவிடுவார். பிறகு துப்பாக்கியைக் காலிசெய்து, இன்னொருவரிடமும் காட்டி உறுதிப்படுத்திவிட்டு, தோட்டா இல்லாமலே விசையை இழுத்துப் பழகுவார், மூக்கு அசையாதவரை.