ஒன்பது முத்திரைக்கு ஒரு ஜூஸ்

"பத்தாவது ஜூஸ் இலவசம்" என்று மட்டும் அட்டையில் அச்சடித்துவிட்டால், அது நிரம்பி வரும் நாளில்தான் தகராறு. ஒன்பது முறை எலுமிச்சை ஜூஸ் குடித்தவர் பத்தாவதாக மாதுளை கேட்பார். இல்லை என்று சொல்ல அட்டையில் வழியில்லை.

ஒரு தெருமுனைக் கடையில் எலுமிச்சை 20 ரூபாய், சாத்துக்குடி 60, மாதுளை 100 என்று வைத்துக்கொள்வோம். பழம், சர்க்கரை, ஐஸ், கப் எல்லாம் சேர்த்துச் சாத்துக்குடிக்கு அடக்கம் 30, மாதுளைக்கு 60. ஒன்பது சாத்துக்குடி விற்றால் 540 ரூபாய் வரும். பத்தாவதும் சாத்துக்குடியே என்றால் கைவிட்டுப் போவது 30 ரூபாய், தாங்கிக்கொள்ளலாம். ஒன்பது எலுமிச்சைக்கு வருவதோ 180தான். அதற்கு மாதுளை கொடுத்தால் வசூலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

அட்டையில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு ஜூஸுக்கும் ஒரு முத்திரை. அட்டை நிரம்பினால் 60 ரூபாய் ஜூஸ் ஒன்று இலவசம். விலை கூடிய ஜூஸுக்கு மீதிப் பணம் மட்டும் கொடுங்கள்." கடைசி வரி கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் மாதுளை கேட்பவர் 40 ரூபாய் தருகிறார். கடைக்கு உண்மையில் செலவு 20தான், சாத்துக்குடி கொடுப்பதைவிடக் குறைவு! "மூன்று மாதம் செல்லும்" என்பதையும் தவிருங்கள். எந்த நாளிலிருந்து என்ற கேள்வி வரும். முடியும் தேதியையே எழுதிவிடலாம்.

அமெரிக்காவில் ஒரு கார் கழுவும் நிலையத்தில் நூன்ஸ், ட்ரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 300 அட்டைகள் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. பாதிப் பேருக்கு 8 கட்டம், எல்லாம் காலி. மீதிப் பேருக்கு 10 கட்டம், இரண்டில் ஏற்கெனவே முத்திரை. இருவரும் எட்டு முறைதான் வர வேண்டும். ஆனால் முதல் அட்டையை நிரப்பியவர்கள் 19 சதவீதம், இரண்டாவதை நிரப்பியவர்கள் 34 சதவீதம். நம் ஜூஸ் கடையும் 11 கட்டம் அச்சடித்து, இரண்டில் முத்திரை குத்திக் கொடுக்கலாம். கணக்கு மாறாது, நிரப்புகிறவர்கள் கூடினால் இலவச ஜூஸும் கூடும், அவ்வளவுதான்.

ரப்பர் ஸ்டாம்ப் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எனவே முத்திரையின் மேல் தேதியைப் பேனாவால் எழுதுவது நல்லது. ஒரே நாளில் ஐந்து முத்திரை இருந்தால் கண்ணில் பட்டுவிடும் (குடும்பத்தோடு வந்திருக்கவும் கூடும், உடனே சந்தேகப்பட வேண்டாம்). நிரம்பிய அட்டையைக் கடையே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளும் வரும்.

இலவச ஜூஸ் குடித்து முடித்தவரின் வேகம் கொஞ்சம் தணியும். அவர் கப்பை வைத்துவிட்டுக் கிளம்புவதற்குள் அடுத்த அட்டையை, இரண்டு முத்திரையோடு, நீட்டிவிட வேண்டும்.