நூறு ரூபாய் பெட்டும் கூடாது

சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் ஒன்றில் ஆடும் கிளப் அது. சீசனுக்கு முந்தைய நெட்ஸ் முடிந்ததும் கேப்டன் பையன்களைச் சுற்றி உட்காரவைத்தார். ஃபீல்டிங்கைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். மிச்ச நேரம் முழுக்கப் பேசியது ஒரே விஷயத்தைத்தான்.

"இந்த சீசன்ல நம்ம கிளப்ல இருக்கிற யாரும் கிரிக்கெட் மேல காசு கட்டக் கூடாது. நம்ம மேட்ச், ஐ.பி.எல்., ஆஸ்திரேலியாவுல நடக்கிற மேட்ச், எதுவா இருந்தாலும் சரி. ஃப்ரெண்ட்ஸுக்குள்ள நூறு ரூபா பெட்டும் கிடையாது."

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "அண்ணா, நம்ம மேட்ச் மேல எவன் காசு கட்டப் போறான்?"

நியாயமான கேள்விதான். கேப்டன் அதற்குக் குஜராத் கதையைச் சொன்னார். 2022இல் மெஹ்சானா மாவட்டத்தில் மோலிபூர் என்ற கிராமத்தில் ஒரு வயலை வாடகைக்கு எடுத்து, கூலி வேலைக்கு வந்தவர்களுக்கு ஐ.பி.எல். அணிகளின் சட்டையை மாட்டிவிட்டு, ஒரு ஆட்டத்துக்கு 400 ரூபாய் என்று பேசி ஆடவைத்தார்கள். யூடியூபில் அது நேரலையாக ஓடியது. ரஷ்யாவில் இருந்தவர்கள் டெலிகிராம் வழியாக அதன்மேல் பணம் கட்டினார்கள். அடுத்த பந்தில் என்ன நடக்க வேண்டும் என்று அம்பயருக்கு வாக்கி-டாக்கியில் உத்தரவு வந்தது. கால் இறுதி வரை போன பிறகுதான் போலீஸ் பிடித்தது. வயலில் நடந்த ஆட்டத்துக்கே ஆள் இருக்கிறது என்றால், பந்துக்குப் பந்து ஸ்கோர் ஆப்பில் ஏறுகிற, சில நாள் நேரலையிலும் வருகிற லீக் ஆட்டத்துக்கு ஆள் இல்லாமல் போகாது.

நூறு ரூபாய்க்கும் ஏன் தடை என்பதுதான் பேச்சின் மையம். திருட்டுத்தனமாக நடக்கும் பெட்டிங்கில் காசு முதலில் கைமாறுவதே இல்லை. ஏஜென்ட் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஐடி கொடுப்பான், அதில் கடனாகவே பாயின்ட் ஏற்றிவிடுவான். கணக்கு வாரக் கடைசியில். முதல் ஆறு ஓவரில் எத்தனை ரன், அடுத்த விக்கெட் எப்போது என்று சின்னச் சின்னதாகக் கட்டிக்கொண்டே போகும்போது கடன் தெரிவதில்லை. வாரக் கடைசியில் தெரியும். பத்தொன்பது வயதுப் பையனால் அதை வீட்டில் சொல்ல முடியாது. ஏஜென்ட் அப்போதுதான் தணிந்த குரலில் கேட்பான்: "காசு வேணாம் தம்பி, ஞாயித்துக்கிழமை நீ முதல் ஓவர் போடுறியா?" ஆட்டத்தை விற்கச் சொல்லி யாரும் நேரே வருவதில்லை. கடன் வழியாகத்தான் வருகிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி, ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆனால் சட்டத்தைச் சொல்லி இருபது வயதுக்காரர்களைப் பயமுறுத்த முடியாது என்று கேப்டனுக்குத் தெரிந்திருந்தது. அவர் ஒரு பந்துவீச்சாளரின் கதைக்குப் போனார்.

மெர்வின் வெஸ்ட்ஃபீல்ட், இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் கவுண்டி அணியின் வேகப்பந்து வீச்சாளர். 2009 செப்டம்பரில், டர்ஹாமுக்கு எதிரான நாற்பது ஓவர் ஆட்டத்தில், தன் முதல் ஓவரில் 12 ரன் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். அதற்கு 6,000 பவுண்டு பேரம். அப்போது அவருக்கு 21 வயது. அந்த ஓவரில் போனது 10 ரன்தான். ஆட்டத்தை எஸ்ஸெக்ஸே வென்றது. ஸ்கோர்கார்டைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வேகப்பந்து வீச்சாளரின் முதல் ஓவரில் பத்து ரன் போவது எங்கும் நடப்பதுதானே.

"அணி ஜெயிச்சாலும் இது குற்றம்தான். தோக்கச் சொல்லி யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு வைடு, ஒரு நோ-பால், ஒரு ஓவர், அவ்வளவுதான் கேப்பாங்க" என்றார் கேப்டன்.

காட்டிக்கொடுத்தது பணம். பிளாஸ்டிக் பையில் இருந்த நோட்டுகளை வெஸ்ட்ஃபீல்ட் சக வீரர் டோனி பல்லடினோவிடம் காட்டியிருந்தார். 2012 பிப்ரவரியில் நீதிமன்றம் நான்கு மாத சிறை விதித்தது, கிரிக்கெட் வாரியம் ஐந்து ஆண்டு தடை விதித்தது. அவரை இதில் இழுத்துவிட்டதாக வாழ்நாள் தடை பெற்றவர் அதே அணியில் ஆடிய பாகிஸ்தான் சுழற்பந்து வீச்சாளர் டேனிஷ் கனேரியா. ஆறு ஆண்டு மறுத்துவந்த கனேரியா 2018இல் ஒப்புக்கொண்டார். பையன்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வலை விரித்தது தெரியாத ஆள் இல்லை. ஒரே ஓய்வறையில் உட்கார்ந்த சீனியர்.

விதியின் இரண்டாம் பாதி வாயைப் பற்றியது. யாருக்குக் காயம், பிட்ச் எப்படி, டாஸ் வென்றால் என்ன எடுப்போம், பதினோரு பேர் யார் என்பது அறிவிப்பு வரும்வரை வெளியே போகக் கூடாது. 'சும்மா கேட்டேன் மச்சி' என்பவனுக்கும் சொல்லக் கூடாது. மைதானத்தில் விக்கெட் விழுவதற்கும் அது ஆப்பிலோ நேரலையிலோ தெரிவதற்கும் சில வினாடி இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் பவுண்டரி ஓரத்திலிருந்து போனில் சொல்பவனை வைத்தே காசு பார்க்கிறவர்கள் உண்டு. அதனால் ஆட்ட நாளில் எல்லாருடைய போனும் மேனேஜரின் பைக்குப் போகும், ஸ்கோரர் ஒருவரைத் தவிர. சர்வதேச ஆட்டங்களில் வீரர்கள் பகுதிக்குள் போனுக்குக் கட்டுப்பாடு இருப்பதும் இதற்காகத்தான்.

கேப்டன் எதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்றால், யாராவது அணுகினால் என்ன செய்வது என்பதற்கு. வங்கதேசத்தின் ஷகிப் அல் ஹசன் ஆட்டத்தை விற்றதாக யாரும் குற்றம் சாட்டவில்லை. புக்கி ஒருவன் தகவல் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளை அதிகாரிகளிடம் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். 2019 அக்டோபரில் இரண்டு ஆண்டு தடை, அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது. மறுத்தால் போதாது, சொல்லவும் வேண்டும்.

வருகிறவன் புக்கி என்று சொல்லிக்கொண்டு வர மாட்டான். பேட் ஸ்பான்சர் பண்ணுகிறேன் என்பான், வெளியூர் டி20 லீக்கில் இடம் வாங்கித் தருகிறேன் என்பான். ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் எதுவும் கேட்க மாட்டான். சந்தேகம் வந்தால் அந்தச் செய்தியை அழிக்காதே, பதில் போடாதே, நீயே துப்பறியாதே. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றைக்கே கேப்டனிடமோ செயலாளரிடமோ கொடு. அங்கிருந்து சங்கத்துக்குக் கொண்டுபோவது அவர்கள் வேலை. சீனியரே கேட்டால் கேப்டனைத் தாண்டி நேராகச் செயலாளரிடம் போகலாம் என்றும் சொன்னார். எஸ்ஸெக்ஸ் கதையைக் கேட்டபின் அந்த ஏற்பாடு எவ்வளவு தேவை என்று புரிகிறது.

விதியை மீறினால் சீசன் முழுக்க வெளியே. இது கடுமை என்று செயற்குழுவிலேயே சிலர் முணுமுணுத்தார்களாம். எனக்குக் கடுமையாகத் தெரியவில்லை. ஆனால் தண்டனை மட்டும் இருந்திருந்தால் இந்த விதி தோற்றிருக்கும். ஏற்கெனவே கடனில் இருப்பவன் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வான், ஏஜென்ட்டுக்கு வேண்டியதும் அதுவே. கேப்டன் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

"இதுவரைக்கும் யாராவது கட்டியிருந்தா, கடன் இருந்தா, முதல் மேட்ச்சுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து சொல்லுங்க. தனியா வாங்க. டீம்ல இடம் போகாது, பேரு வெளிய வராது. கடனை கிளப் கட்டாது, அதை இப்பவே சொல்லிடறேன். ஆனா உங்க அப்பாகிட்ட பேசணும்னா நான் கூட வர்றேன். ஏஜென்ட் மிரட்டினா போலீஸ் ஸ்டேஷனுக்கும் வர்றேன்."